பட்ஜெட் அறிக்கையில் அதிகச் செலவு பச்சையாகத் தெரிவது ஏன்?

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையின் போக்குவரத்துப் பிரிவுக்கு எக்செலில் அறிக்கை தயாரிக்கிறேன். அதிகச் செலவும் பச்சையாகவே வருகிறது, ஏன்?

எல்லா வரிகளிலும் நடப்பிலிருந்து பட்ஜெட்டைக் கழித்திருப்பீர்கள். வருவாய் கூடுவது சாதகம், செலவு கூடுவது பாதகம் என்பதால், கழிக்கும் திசை வரியின் வகையைப் பொறுத்து மாற வேண்டும். B-இல் வகையும் C-இல் பட்ஜெட்டும் D-இல் நடப்பும் இருந்தால், E2-இல் இதை இடுங்கள்:

```
=IF($B2="வருவாய்",$D2-$C2,$C2-$D2)
```

டீசலுக்கு 80,000 ரூபாய் ஒதுக்கி 92,000 செலவானால் -12,000 வரும். Conditional Formatting-இல் பச்சைக்கான விதி இது. சிவப்புக்கு, கடைசியில் உள்ள `>0` என்பதை `<0` ஆக்குங்கள்.

```
=AND($D2<>"",$E2>0)
```

D வெறுமையா என்று பார்க்காவிட்டால், பில்லே வராத செலவு முழு ஒதுக்கீடும் மிச்சமானதுபோலப் பச்சையில் நிற்கும். பாதி பில் மட்டும் பதிவான வரியை இந்த விதியும் பிடிக்காது. அதைக் கணக்கர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.