யார் போனது, யார் விலகியது? முன்மொழிவில் இடம் மாறிய எச்சங்கள்

"அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் சிறிய மகளிர் சங்கம் நடத்துகிறோம். தையல் பயிற்சிக்கு நிதி கேட்டு அனுப்பிய திட்ட முன்மொழிவு, 'யார் என்ன செய்கிறார்கள் என்று விளங்கவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. மூன்று வாக்கியங்களை இத்துடன் அனுப்புகிறேன். எதைத் திருத்துவது?"

முதல் வாக்கியத்தைப் பாருங்கள்: "வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டி, 40 பெண்கள் பயிற்சிக்குத் தெரிவு செய்யப்பட்டனர்." வீடு வீடாகப் போனது யார்? வாக்கியத்தின்படி அந்த 40 பெண்களேதான். 'சென்று', 'திரட்டி' போன்ற வினையெச்சங்கள் பொதுவாக முற்றுவினையின் எழுவாயையே தங்களுக்கும் எழுவாயாக எடுத்துக்கொள்ளும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று காரண காரியமாக வரும் இடத்தில் எழுவாய் மாறினாலும் யாரும் குழம்புவதில்லை. உங்கள் வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. குழப்பம் 'செய்யப்பட்டனர்' என்பதில் தொடங்குகிறது. செயப்பாட்டுவினை வந்ததும் வேலை செய்தவர் மறைந்துவிட்டார். அவரை மீண்டும் எழுதினால் போதும்: "எமது தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டி, 40 பெண்களைப் பயிற்சிக்குத் தெரிவு செய்தனர்." தெரிவை யார் செய்தார்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது: "பாடசாலையை விட்டு இடைவிலகிய மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை." பெயரெச்சம் அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே இடைவிலகியது குடும்பங்கள் ஆகிவிட்டன. "மீனவக் குடும்பங்களில், பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகளுக்கு" என்று எழுதுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நகர்த்திவிடாதீர்கள். "2004 சுனாமியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள்" சரியானதுதான். அதைச் "சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள்" என்று சுருக்கினால், 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளையைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: "6 மாதங்களில் பயிற்சி பெற்ற 40 பெண்கள் சுயதொழில் தொடங்குவர்." ஆறு மாதம் பயிற்சியின் காலமா, தொழில் தொடங்குவதற்கான கெடுவா? நீங்கள் ஒன்றை நினைத்து எழுதியிருப்பீர்கள். கண்காணிக்க வருபவர் மற்றதைப் படித்திருப்பார். "6 மாதங்களில்" என்பதன் பின் காற்புள்ளி போட்டால் ஓரளவு தெளியும். ஆனால் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது அப்போதும் தெரியாது. "பயிற்சி பெற்ற 40 பெண்கள், பயிற்சி முடிந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் சுயதொழில் தொடங்குவர்" என்று எழுதினால் இரண்டும் தீர்ந்துவிடும். பயிற்சிக் காலத்தைத் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மீதிப் பக்கங்களுக்கு ஒரு பென்சிலை எடுங்கள். ஒவ்வொரு எச்சத்துக்கும் மேலே 'யார்?' என்று கேட்டு, விடையை எழுதுங்கள். வினையெச்சத்தின் விடை முற்றுவினையின் எழுவாயோடு பொருந்தாத இடங்களிலும், பெயரெச்சம் நீங்கள் நினைக்காத பெயரோடு ஒட்டிக்கொண்ட இடங்களிலும் மட்டும் கை வையுங்கள். '-ப்பட்டது', '-ப்பட்டனர்' என்று முடியும் வாக்கியங்களை முதலில் பாருங்கள். வரவு செலவுப் பகுதியில் 'மட்டும்' வருமிடத்தையும் கவனியுங்கள்: "பெண்களுக்கு மட்டும் போக்குவரத்துப்படி", "பெண்களுக்குப் போக்குவரத்துப்படி மட்டும்" இரண்டும் வேறு வேறு செலவுகள்.