படத்தை எடுத்துவிட்டால் பாட்டி எங்கே?

அன்புள்ள ஐயா,

எங்கள் ரப்பர் தோட்டத்தின் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறேன். லயத்தில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு இப்போது கண் சரியில்லை, அதனால் ஒலிநூலாகவும் கொண்டுவர நினைக்கிறேன். ‘படத்தைப் பார்க்க’, ‘கீழே உள்ள பட்டியல்’ போன்ற வரிகளையெல்லாம் நீக்கிவிட்டேன். நீண்ட வாக்கியங்களையும் உடைக்க வேண்டுமா? என் நடை கெட்டுவிடாதா? எந்த மைக் வாங்கலாம்?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

மைக்கைப் பற்றி ஒலிப்பதிவு தெரிந்தவரிடம் கேளுங்கள். நடை கெடாது. நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். கோபம்தான் வந்தது.

மூலத்தில் ஒரு வரி: “பால் ஸ்டோர் முன் எடுத்த படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் பாட்டி.” ஒலிப்பிரதியில் அந்த வரியே இல்லை. அடுத்த பத்தியில் ‘அவள்’ என்று தொடங்குகிறீர்கள். எவள்? படத்தை நீக்கியபோது பாட்டியையும் சேர்த்து நீக்கிவிட்டீர்கள். கண்ணுக்கான குறிப்பை நீக்குவது என்றால், கண் அங்கே பெற்றுக்கொண்டதைக் காதுக்குக் கொடுப்பது. ‘இடமிருந்து மூன்றாவது’ போகட்டும். “பால் ஸ்டோர் முன் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் தலையில் துண்டு கட்டி, இரண்டு கையிலும் வாளியோடு நிற்பவள் என் பாட்டி” என்று எழுதுங்கள். உங்கள் கதைக்கு அந்தப் படத்திலிருந்து தேவையானது அவ்வளவுதான். பின்னால் தெரியும் தகரக் கூரையையும் மரத்தையும் விவரிக்க வேண்டாம், கேட்பவர் பாட்டியை விட்டுவிடுவார்.

சரி, வாக்கியத்துக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, பால்வெட்டு முடிந்த சாயங்காலங்களில் அப்பா லயத்து வாசலில் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நீளமான வாக்கியம் வந்தால் யாராவது ஒரு கிழவி குறுக்கே கேட்பாள்: “யாரு சொன்னது?” அச்சில் மேற்கோள் குறி இருக்கிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கண் பார்த்துவிடும். ‘என்றார்’ கடைசியில் வந்தாலும் பாதகமில்லை. காதுக்கு அந்தக் குறி கிடையாது. அப்பா படிக்கும்போதே மாற்றிவிடுவார், சொன்ன ஆளை முன்னால் கொண்டுவந்து, பிறகு பேச்சைப் படிப்பார். யார் என்பது முதலில், என்ன என்பது அப்புறம். ஒலிநூலுக்கு நான் வைத்திருக்கும் விதி இது ஒன்றுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் வாக்கியத்தையே பாருங்கள்: “1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் (பார்க்க: அடுத்த பக்கப் பட்டியல்) பங்கு வாங்கச் சொல்லிப் பெரட்டில் பேசிய மண்டோரை நம்பாத தாத்தா, தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய செய்தி தெரிந்ததும் வீட்டை விட்டுப் போனார்.” காது முதலில் சம்பந்தனைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு மண்டோரை, பிறகு தாத்தாவை. அடகு வைத்தது யார்? வாக்கியத்திலேயே இல்லை. அச்சில் வாசகர் முந்தைய பத்திக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி ஏது?

நான் இப்படி எழுதுவேன்: “தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பங்கு வாங்குங்கள் என்று எங்கள் மண்டோர் பெரட்டில் சொன்னார். தாத்தா நம்பவில்லை. பாட்டி நம்பினாள், தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கினாள். அது தெரிந்ததும் தாத்தா வீட்டை விட்டுப் போனார்.”

அதற்காக எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாதீர்கள். வரிசையாக ‘ஆர், ஆர்’ என்று முடியும் குட்டி வாக்கியங்கள் காதுக்கு அலுப்பு. ஒரே ஆள் செய்யும் வேலைகள் அடுத்தடுத்து வந்தால் நீளமான வாக்கியமும் நன்றாகவே கேட்கும். “விடியுமுன் எழுந்து, விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைக்குப் போய்” என்று வரும் உங்கள் வரியைத் தொடவே வேண்டாம். ஆள் மாறும் இடத்தில்தான் உடைக்க வேண்டும். அந்த இடம் தெரிய, புத்தகத்தைப் பார்க்காத ஒருவருக்கு ஒரு பக்கத்தை ஒரே முறை படித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஆளை மாற்றிச் சொல்லும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.

பட்டியலையும் தூக்கியிருக்கிறீர்கள். பங்கு வாங்கிய குடும்பங்களின் பெயர்களைக் கேட்கத்தானே அந்தப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்? கட்டம் கட்டமாகப் படித்தால் எண்ணும் பெயரும் குழம்பும். லயம் லயமாகப் பிரித்து, எந்த லயம் என்று முதலில் சொல்லிவிட்டு, பெயர்களை மட்டும் நிதானமாகப் படிக்கட்டும். பங்குத் தொகை அச்சுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

படிக்கப்போகிறவர் வெளியூர்க்காரர் என்றால், தோட்டப் பெயர்களையும் மலாய் ஊர்ப்பெயர்களையும் நீங்களே உங்கள் குரலில் சொல்லிப் பதிந்து அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நம் எழுத்தில் ககரமும் பகரமும் எங்கே அழுத்தி ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.