போர்டா, வாய்வார்த்தையா?

"பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஆறு வருடமாக டீக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பழகிய முகங்கள்தான், ஒரு நாளைக்கு 300 டீ ஓடும். மச்சான் எல்இடி போர்டு வைக்கச் சொல்கிறான். 48,000 ரூபாய் கேட்கிறார்கள். வைக்கட்டுமா, வாடிக்கையாளர் சொல்லி வருகிற கூட்டமே போதுமா?"
வாசகர், திண்டுக்கல்

அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? முதலில் உங்கள் கணக்கைப் போடுவோம். பால், தூள், சர்க்கரை, கேஸ், ஆள் சம்பளம் போக ஒரு டீயில் நான்கு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டுக் காசு திரும்ப 12,000 டீ கூடுதலாக விற்க வேண்டும். தினம் 40 டீ கூடினாலும் 300 நாள். கரண்ட் பில் தனி.

அந்த நாற்பது பேர் உங்கள் சந்தில் நடக்கிறார்களா என்பதுதான் விஷயம். பழகியவருக்குப் போர்டு தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு வருவார். அதனால் ஒரு வாரம், சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை, முன்பின் தெரியாத முகம் ஒன்று வந்து டீ கேட்டால் காலி பிஸ்கட் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். கடையைத் தாண்டிப் போகிற புது முகத்துக்கு இன்னொரு டப்பா. இரண்டாவது டப்பா நிரம்பினால் மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் காலியாகவே கிடந்தால் போர்டு யாருக்காக எரியும்? எதிர்வீட்டுச் சுவருக்கா?

அப்புறம், இருட்டியபின் சந்து முனையில் போய் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். கடை நெற்றியில் தட்டையாக அடிக்கிற போர்டு எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும்; பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது முனைக் கட்டடத்தில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தெரிகிற சின்ன லைட் பெட்டி. செலவு பல மடங்கு குறையும். கட்டடக்காரரிடம் சம்மதம் வாங்குங்கள். ரோட்டுப் பக்கம் நீட்டுவதற்கு மாநகராட்சியிலும் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

வாய்வார்த்தைக்கும் ஒரு குறை உண்டு. "அந்தச் சந்துக்குள்ள ஒரு கடை இருக்கு, டீ நல்லா இருக்கும்" என்று சொன்னால் கேட்டவர் பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டும். பெட்டியில் அதை மட்டும் பெரிதாக எழுதுங்கள். விலைப்பட்டியல், பூப்படம், சாமி படம் எதுவும் வேண்டாம்.

என் சித்தப்பா கடையில் பளபளவென்று ஒரு போர்டு வைத்தார். முதல் மழையிலேயே ஈசல் மொய்த்துப் பால் சட்டியில் விழுந்தது. அன்று சாயங்காலம் முழுக்க லைட்டை அணைத்துவிட்டுத்தான் வியாபாரம். அடுத்த வருடம் ஆவியும் தூறலும் இறங்கி அடாப்டர் போனது, பாதி எழுத்துதான் எரிந்தது. நீங்கள் எந்த லைட் வைத்தாலும் அடுப்புக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரைக் கடைக்குள்ளே மாட்டச் சொல்லுங்கள்.