பழைய நிரலுக்கென ஒதுக்கிய 20% நேரம் ஏன் கரைந்துபோகிறது, எப்படிக் காப்பது?

கேள்வி: ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் 20% நேரம் பழைய நிரலைச் சரிசெய்யத்தான் என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் ஆகிவிட்டது, ஒருமுறைகூட அந்த நேரம் முழுசாகக் கிடைக்கவில்லை. உங்கள் டீமில் இது உண்மையிலேயே நடக்கிறதா? எப்படி?

பதில்:

நடக்கிறது. ஆனால் முதல் நான்கு ஸ்பிரிண்டுகளை வீணாக்கிய பிறகுதான் எங்களுக்கு வழி பிடிபட்டது. 20% என்பதை வெறும் சதவீதமாகவே விட்டுவைத்ததுதான் தவறு. பிளானிங்கில் ஃபீச்சர் டிக்கெட்டுகளை எல்லாம் அடுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் பழைய நிரலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவோம். மிச்சம் என்று ஒன்று எந்த ஸ்பிரிண்டிலும் இருந்ததில்லை.

இப்போது கணக்கை முன்னாலேயே போடுகிறோம். நாங்கள் ஐந்து பேர், ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். அதாவது 50 ஆள்நாள். விடுப்பு, மீட்டிங், சப்போர்ட் என்று சுமார் 10 போனால் 40 கையில் நிற்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 8 ஆள்நாள். இந்த எட்டைக் கழித்துவிட்டு 32 நாளைத்தான் ப்ராடக்ட் ஓனர் முன் வைக்கிறோம். ஃபீச்சர் பேரம் எல்லாம் அந்த 32-க்குள்தான்.

அந்த எட்டு நாளும் இரண்டு பேருக்கு நான்கு நான்கு நாளாக, பெயர் போட்டு, ஸ்பிரிண்டின் முதல் நாளிலிருந்தே தொடங்கும். ஆட்கள் முறைவைத்து மாறுவார்கள். முதல் நாள் என்பது முக்கியம். ஃபீச்சர் வேலை இழுத்துக்கொண்டு போகும்போது அடி வாங்குவது எப்போதும் கடைசி மூன்று நாட்கள்தான். பழைய நிரலின் வேலை அங்கே இருந்தால் முதலில் அதுதான் பலியாகும். எங்களுடைய முதல் நான்கு ஸ்பிரிண்டுகளிலும் நடந்தது இதுவே.

இந்த வேலைக்கு ஸ்டோரி பாயிண்ட் போடுவதில்லை. போட்டால் வெலாசிட்டி எண்ணில் கலந்துவிடும். பிறகு "போன முறை 30 பாயிண்ட் முடித்தீர்களே, இந்த முறையும் 30 ஃபீச்சர் தரலாமே" என்ற கேள்வி வரும். மாற்றிய புதிதில் ஃபீச்சர் பாயிண்ட் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதை ஸ்பிரிண்ட் தொடங்கும் முன்பே மேலே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ப்ரொடக்‌ஷனில் வரும் பக்குகளையும் இந்த எட்டு நாளுக்குள் விடாதீர்கள். அவற்றுக்குச் சப்போர்ட் பங்கு இருக்கிறது.

அடுத்து, எந்த நிரலை எடுப்பது? இங்கேதான் பல டீம்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும் ஃபைலை எடுக்கிறார்கள். அதை இரண்டு வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சரிசெய்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடிக்கடி மாறுகிற ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு வரி போதும்:

```
git log --since="6 months ago" --name-only --pretty=format: | grep -v '^$' | sort | uniq -c | sort -rn | head -20
```

ஆறு மாதத்தில் எந்த ஃபைல் எத்தனை கமிட்டுகளில் வந்தது என்று காட்டும். கான்ஃபிக், மொழிபெயர்ப்பு, package-lock.json போன்ற லாக் ஃபைல்களை ஒதுக்கிவிட்டு, மீதியை அடுத்த இரண்டு மாத ஃபீச்சர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வருவதுதான் உங்கள் முதல் வேலை.

எங்களுக்கு முதலில் வந்தது ஆர்டரின் விலையைக் கணக்கிடும் ஃபைல். தள்ளுபடி, வரி, டெலிவரி கட்டணம் எல்லாம் ஒரே ஃபங்ஷனில், நடுநடுவே டேட்டாபேஸ் அழைப்புகளோடு. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. அந்தச் சமயத்தில் புதுவகைக் கூப்பன் ஒன்றைச் சேர்க்க 9 நாள் ஆகியிருந்தது, அதற்குப் பிறகும் டிக்கெட் இரண்டு முறை திரும்பி வந்தது.

புது ஏற்பாட்டின் முதல் ஸ்பிரிண்டில், அந்த எட்டு நாளில் அந்த ஃபங்ஷனில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. பழைய ஆர்டர்கள் 300-ஐ வாடிக்கையாளர் விவரங்களை நீக்கி எடுத்து, அதன் வழியே ஓட்டி, இன்று என்ன விலை வருகிறதோ அதை அப்படியே டெஸ்டாகப் பதிந்தோம். அப்போதுதான் ஒரு பாதையில் வரித்தொகையை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்ட் செய்கிறார்கள், இன்னொன்றில் மொத்தத்துக்கு ஒரே தடவை ரவுண்ட் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. கை துறுதுறுத்தது. ஆனாலும் திருத்தவில்லை. வடிவத்தை மாற்றுவதும் விடையை மாற்றுவதும் ஒரே கமிட்டில் சேர்ந்தால், ஏதாவது உடைந்தபின் எதனால் உடைந்தது என்று சொல்லவே முடியாது. எது சரி என்பதை ப்ராடக்ட் ஓனர் முடிவுசெய்யத் தனி டிக்கெட் போட்டோம்.

இரண்டாவது ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ் அழைப்புகளை ஃபங்ஷனின் தொடக்கத்துக்கு நகர்த்தினோம். மூன்றாவதில் தள்ளுபடியை மட்டும் தனியாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டும் இரண்டு நாளுக்குள் மெயின் பிரான்ச்சில் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. அப்படிச் சேர்ந்திருந்தால் பாதியில் நிறுத்தினாலும் நிரல் முன்பைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். மூன்று வாரம் தனி பிரான்ச்சில் கிடக்கும் வேலையை யாராவது வந்து நிறுத்தச் சொன்னால் எல்லாமே குப்பைதான். டெலிவரி கட்டணத்தை நாங்கள் பிரிக்கவே இல்லை. அதை யாரும் மாற்றப்போவதில்லை என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

அதன்பின் வந்த அடுத்த கூப்பன் வகைக்கு 3 நாள் ஆனது. ஒரே ஒரு ஃபீச்சரை வைத்து முழக்கமிடக் கூடாது, அது எளிதானதாகவும் இருந்திருக்கலாம். அதனால் அந்த ஃபைலைத் தொடும் டிக்கெட்டுகள் தொடங்கி முடிய எத்தனை நாள், எத்தனை திரும்பி வந்தன என்ற இரண்டை மட்டும் தொடர்ந்து குறித்துவருகிறோம்.

நேரத்தைக் காப்பது பற்றி. மூன்றாவது ஸ்பிரிண்டின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய டெமோ வந்தது. மேனேஜர் நான்கு நாள் கேட்டார். மறுக்கவில்லை, மறுப்பது நியாயமும் இல்லை. "தருகிறோம் சார், ஆனால் இது கடன். அடுத்த ஸ்பிரிண்டில் 8-க்குப் பதில் 12 நாள் கழிப்போம். பழைய கடன் தீராமல் புதுக் கடன் கிடையாது" என்றேன். ஸ்பிரிண்ட் போர்டிலேயே ஒரு வரியாக எழுதிவைத்தோம்: எத்தனை நாள், யார் கேட்டார்கள், எப்போது திரும்பும். அடுத்த பிளானிங்கில் 28 நாள்தான் என்று அந்த வரியைக் காட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் எதிர்த்துப் பேச எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதே குறைந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்தை இலவசமாக எடுக்க முடிந்தது, அதனால் எடுத்தார்கள். இந்த ஒரு வரி இல்லாமல் எங்கள் ஏற்பாடு இரண்டு மாதம்கூட நின்றிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சில வேலைகள் இந்தப் பங்குக்குள் அடங்காது. டேட்டாபேஸையே மாற்றுவது, ஃபிரேம்வொர்க்கின் பெரிய வெர்ஷன் தாவுவது போன்றவற்றை எட்டெட்டு நாளாக வெட்டினால், பழையதும் புதியதும் மாதக்கணக்கில் பக்கத்துப்பக்கத்தில் ஓடும், இரண்டையும் நீங்களே பராமரிக்க வேண்டிவரும். அவற்றைத் தனி ப்ராஜெக்டாகக் கேட்டு வாங்குங்கள். அதேபோல, ப்ரொடக்‌ஷன் பக்குகளே உங்கள் ஸ்பிரிண்டில் பாதியைத் தின்றுகொண்டிருந்தால் 8 நாள் போதாது. சில ஸ்பிரிண்டுகளுக்கு ஃபீச்சரை நிறுத்திவைப்பது பற்றித்தான் மேனேஜரிடம் பேச வேண்டும்.