‘ஃபார்மர்’ விவசாயி இல்லை

கேள்வி: நிலம் விற்ற பணத்தில் 3 லட்சம் ரூபாயை அப்பா, அம்மா பெயரில் மூன்று ஆண்டு டெபாசிட்டாகப் போட்டோம். வீட்டில் படித்தவள் என்று படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஒரு வரியில் ‘ஐதர் ஆர் சர்வைவர்’, ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அப்பா விவசாயிதானே என்று இரண்டாவதில் டிக் அடித்துவிட்டேன். இப்போது தோழி சிரிக்கிறாள். தப்பாகப் போய்விட்டதா? - வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: தோழி சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பாங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதே கட்டத்தில் தடுமாறிய பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எஃப்-க்கு அடுத்து ‘ஏ’ வந்தால் விவசாயி. ‘ஓ’ வந்தால், சொல்லப்பட்ட இருவரில் முதலாமவர். உங்கள் படிவத்தில் இருப்பது ‘ஓ’. அகராதியைப் புரட்டினாலும் முதலில் கண்ணில் படுவது ‘முன்னாள்’ என்ற பொருள்தான். முன்னாள் அமைச்சருக்குப் போடுகிற அதே சொல். படிவத்துக்கு அந்தப் பொருள் உதவாது.

‘சர்வைவர்’ என்பதைச் செய்திகளில் விபத்தில் உயிர் பிழைத்தவர் என்று படித்திருப்பீர்கள். இங்கே ஒருவர் காலமான பின் எஞ்சியிருக்கும் மற்றவர். ‘ஐதர்’ என்றால் இருவரில் எவரானாலும்.

இப்போது உங்கள் டிக் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். படிவத்தில் முதல் பெயர் அப்பாவுடையது என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டு முடிந்து பணம் முதிர்ந்ததும் அப்பா ஒருவரே கையெழுத்துப் போட்டு வாங்கலாம். அவர் இருக்கும்வரை அம்மா மட்டும் போய்க் கேட்டால் கிடைக்காது. அவர் காலத்துக்குப் பிறகுதான், அதுவும் முதிர்வு நாளில், அம்மா தனியாக வாங்க முடியும். முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தால் முதிர்ந்த அன்று இருவரில் யார் போனாலும் பணம் வந்துவிடும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் அம்மா தனியே பாங்குக்குப் போக நேரும் நாளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சில தகப்பன்மார் இரண்டாவதைத் தெரிந்தேதான் கேட்பார்கள். அது அவர்கள் வீட்டு விவகாரம்.

மாற்ற முடியும். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறைக்கு மாற்றித் தரும்படி அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை டெபாசிட் ரசீதுடன் கிளையில் கொடுங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தாலும், முதிர்வதற்கு முன் பணத்தை எடுக்க இருவரும் உயிரோடு இருக்கும்போது இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவர் காலமாகிவிட்டால் எஞ்சியவர் கையெழுத்து மட்டும் போதாது. இறந்தவரின் வாரிசுகளின் சம்மதமும் வேண்டும் என்பார்கள். இதைத் தவிர்க்க ரிசர்வ் வங்கி ஒரு வழி விட்டிருக்கிறது. எங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். டெபாசிட் போடும்போதே கொடுக்கலாம், இடையில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘இன் தி ஈவென்ட் ஆஃப் டெத்’ என்று தொடங்கும் வரி இருந்தால் பெரும்பாலும் அதுதான். ‘ஈவென்ட்’ என்பதைப் பார்த்து ஏதோ விழா என்று கடந்துவிடாதீர்கள். ‘இறப்பு நேர்ந்தால்’ என்று பொருள். அதன் பக்கத்தில் ‘எஸ்’, ‘நோ’ கட்டங்கள் காலியாகவே கிடக்கும். கவுன்ட்டரில் யாரும் நினைவூட்டுவதும் இல்லை. மாற்றக் கடிதம் எழுதும்போதே இந்தச் சம்மதத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், ஒரே வேலையாகிவிடும்.

அடுத்த முறை படிவம் வாங்கும்போது தமிழ் உள்ளதைக் கேளுங்கள். ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் படிவங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். தீர்ந்துவிட்டது என்று சொன்னால் விடாமல் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தையே நிரப்ப நேர்ந்தால், கட்டங்களுக்கு மேலே ‘ஸ்டிரைக் அவுட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே டிக் அடிக்கக் கூடாது. வேண்டாததைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேண்டியதை அப்படியே விட வேண்டும்.

கடிதத்தின் நகலில் பாங்க் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்திய ரசீது கைக்கு வந்ததும் இருவர் பெயருக்கும் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று கவுன்ட்டரிலேயே நின்று படித்துப் பாருங்கள். ‘இ ஆர் எஸ்’ என்று சுருக்கி இருந்தால் மாறிவிட்டது. ‘எஃப் ஆர் எஸ்’ என்றே இருந்தால் கடிதம் இன்னும் யாருடைய மேசையிலோ கிடக்கிறது.