பெரிய கை உள்ளே வந்ததா? பல்க் டீல் பட்டியலில் விட்டுப்போன வரிகள்

கேள்வி: சார், ஏற்காட்டில் எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம். இந்த வருஷம் மிளகு விற்ற பணம் 3 லட்சம் கையில் இருக்கிறது. டெலிகிராம் குழுவில் ஒரு சின்ன கம்பெனியைப் பற்றி, "பல்க் டீல் நடந்திருக்கு, பெரிய கை உள்ளே வந்துட்டாங்க" என்று எக்ஸ்சேஞ்ச் பட்டியலையே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சிலர் அதை பிளாக் டீல் என்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் வெளியிடுவது பொய்யாக இருக்காதே, வாங்கலாமா? (ஏற்காடு வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. உங்களுக்கு வந்த படத்தில் அந்தப் பட்டியலின் ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய பங்கின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆனால் அதே நாளின் முழுப் பட்டியலையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் 'பல்க்' என்ற சொல்லின் அளவைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் அரை சதவீதத்துக்கு மேல் ஒருவரே ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, அவருடைய புரோக்கர் அதை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தை முடிந்த பிறகு அது பெயரோடு வெளியாகும். 2004-லிருந்து இருக்கும் செபி விதி இது. இதில் கணக்கு சதவீதத்தில்தான், ரூபாயில் இல்லை. 100 கோடி பங்குகள் உள்ள நிறுவனத்தில், பங்கு 1,000 ரூபாய் என்றால், இந்தப் பட்டியலில் பெயர் வர 500 கோடி ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இருப்பதோ மொத்தம் 2 கோடி பங்குகள், விலை 42 ரூபாய். அரை சதவீதம் என்பது 1 லட்சம் பங்கு, அதாவது 42 லட்சம் ரூபாய். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கும் பணத்தில் ஒருவர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடலாம்.

இப்போது அந்த நாளின் வரிகளுக்கு வருவோம். படத்தில் இருந்த வரி: ஒரு டிரேடிங் நிறுவனம் சராசரி 41.80 ரூபாயில் 3,10,000 பங்குகள் வாங்கியிருக்கிறது. கிட்டத்தட்ட 1.30 கோடி ரூபாய். பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். பட்டியலில் சற்றுக் கீழே அதே நாளில் அதே பெயர் மறுபடியும் வருகிறது. இந்த முறை விற்பனைப் பக்கம்: 3,04,000 பங்குகள், சராசரி 42.05 ரூபாய். வாங்கியதையும் விற்றதையும் கழித்தால் நாள் முடிவில் அவர்கள் கையில் நின்றது 6,000 பங்கு, சுமார் 2.5 லட்சம் ரூபாய். நீங்கள் போட நினைக்கும் தொகையைவிடக் குறைவு! பங்குக்கு 25 காசு வித்தியாசத்தில், செலவு போகும் முன், 76,000 ரூபாய் பார்த்துவிட்டு வெளியே போயிருக்கிறார்கள். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. காலையில் வாங்கி மாலையில் விற்பதே அவர்கள் தொழில். லீ பஜாரில் ஒரு லோடு சரக்கு, கிடங்கை விட்டு நகராமலே ஒரே நாளில் கைமாறிவிட்டால், வாங்கியவருக்கு அந்தச் சரக்கின் மேல் நம்பிக்கை என்று நாம் சொல்வோமா? வாங்கிய வரியை மட்டும் வெட்டி எடுத்துக் குழுவில் போட்டவர்தான் தவறு செய்தவர். அவர் மேல்தான் எனக்குக் கோபம்.

இது வெறும் கைமாற்றம்தானா என்று தெரிந்துகொள்ள இன்னொரு எண்ணும் உதவும். ஒவ்வொரு பங்கிலும் அன்று நடந்த வியாபாரத்தில் எவ்வளவு டெலிவரிக்குப் போனது, அதாவது டீமேட் கணக்குக்கு நிஜமாகவே மாறியது என்பதையும் எக்ஸ்சேஞ்ச் வெளியிடுகிறது. அன்று கைமாறியவை 9,20,000 பங்குகள். டெலிவரிக்குப் போனவை 1,84,000. நூற்றுக்கு இருபது. மீதி எண்பதும் அன்றே வாங்கி அன்றே விற்றவை.

அந்த 1,84,000-இல்தான் விஷயம் இருக்கிறது. பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரி உண்டு. ஒரு தனிநபர் 1,45,000 பங்குகளை 41.60 ரூபாயில் விற்றிருக்கிறார். அவர் பெயர் வாங்கும் பக்கம் இல்லை. கடந்த காலாண்டின் பங்குதாரர் பட்டியலைத் திறந்தேன். ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்களின் பெயர் அதில் இருக்கும். அவர் அங்கே 4,00,000 பங்குகளோடு, 2 சதவீதத்தோடு இருக்கிறார். ஆக, அன்று டெலிவரிக்குப் போனதில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒருவர் கையிலிருந்து வெளியேறியது. வாங்கியவர்கள் யார்? யாரும் தனியாக ஒரு லட்சம் பங்குக்கு மேல் வாங்காததால் யார் பெயரும் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து வாங்கியவர்களும் அவர்களில் இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். அவர் ஏன் விற்றார் என்பதைப் பட்டியல் சொல்லாது. மகள் கல்யாணமாக இருக்கலாம், கடன் அடைக்க இருக்கலாம், நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போயிருக்கலாம். ஆனால் "பெரிய கை உள்ளே வந்தது" என்பதற்கு அன்றைய பட்டியலில் ஆதாரம் இல்லை. பெரிய கை ஒன்று வெளியே போனதற்குத்தான் இருக்கிறது.

பிளாக் டீல் என்று சொன்னவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அது தனி ஜன்னலில், காலை 8.45 முதல் 9 வரையிலும், மதியம் 2.05 முதல் 2.20 வரையிலும் மட்டும் நடப்பது. இரு தரப்பும் முன்பே பேசி முடித்த வியாபாரம் அது. எல்லாமே டெலிவரிக்குப் போக வேண்டும், அன்றே திருப்பி விற்க முடியாது. ஒரு ஆர்டர் குறைந்தது 25 கோடி ரூபாய்க்கு இருக்க வேண்டும். முன்பு 10 கோடியாக இருந்ததை, 2025 அக்டோபரில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை உயர்த்தியது. உங்கள் நிறுவனத்தின் அத்தனை பங்குகளையும் சேர்த்தாலே மதிப்பு 84 கோடிதான், அன்று கைமாறிய 9,20,000 பங்குகளின் மதிப்போ 4 கோடிக்கும் குறைவு. அன்று அதில் பிளாக் டீல் நடந்திருக்க வழியே இல்லை. பெரிய நிறுவனங்களில் நடக்கும்போதும், ஒரு பக்கம் வாங்குகிறவர் இருந்தால் மறுபக்கம் அதே அளவுக்கு விற்கிறவர் இருக்கிறார். பல சமயம் அது லாக்-இன் என்ற விற்பனைத் தடைக் காலம் முடிந்த முதலீட்டு நிதி வெளியேறுவதாகவோ, புரமோட்டர் குடும்பத்துக்குள் பங்கு மாறுவதாகவோ இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பங்கில் அதற்கு முந்தைய மாதம் நாளொன்றுக்குச் சராசரியாக 8,000 பங்குகள்தான் கைமாறியிருக்கின்றன. உங்கள் 3 லட்சத்துக்கு வருவது 7,100 பங்கு. பரபரப்பு அடங்கிய பிறகு நீங்கள் விற்க நினைத்தால், ஒரு முழு நாள் வியாபாரமும் உங்களுக்காகவே நடக்க வேண்டியிருக்கும். விலை ஒரு நாளில் இறங்கக்கூடிய கடைசி எல்லையான லோயர் சர்க்யூட்டில் நின்றுவிட்டால், விற்கும் ஆர்டர் வரிசையில் கிடக்கும், வாங்க ஆள் இருக்காது. கவாத்துக் கூலிக்கும் உரத்துக்கும் தேவைப்படும் நேரத்தில் பணம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அப்படியும் மனம் கேட்கவில்லையென்றால், மார்ச் காலாண்டின் பங்குதாரர் பட்டியல் ஏப்ரல் 21-க்குள் வந்தாக வேண்டும், அதுவரை பொறுங்கள். அந்த டிரேடிங் நிறுவனத்தின் பெயர் அதில் ஒரு சதவீதத்தோடு, அதாவது 2 லட்சம் பங்குகளோடு இருக்கிறதா, விற்ற தனிநபரின் 4,00,000 எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.