ஒன்பது நாள் சராசரி எத்தனை நாள் பின்தங்குகிறது? எஸ்எம்ஏ, இஎம்ஏ கேள்வி பதில்

கேள்வி: எளிய நகரும் சராசரியான எஸ்எம்ஏவை விட, அடுக்குக்குறி நகரும் சராசரியான இஎம்ஏ வேகமானது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க எஸ்எம்ஏவை இன்னும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

பதில்: அது பாதிதான் சரி. ஒன்பது நாள் எஸ்எம்ஏ, கடைசி ஒன்பது விலைகளையும் சம எடையில் கூட்டுகிறது. இன்றைய விலையின் வயது 0, மிகப் பழைய விலையின் வயது 8 என்று வைத்தால், சராசரி வயது 4 நாள். இஎம்ஏவில் 9 என்று கொடுக்கும்போது, N நாளுக்கு 2/(N+1) என்ற வழக்கமான கணக்கின்படி இன்றைய விலைக்கு 20 சதவீத எடையும், இஎம்ஏவின் நேற்றைய மதிப்புக்கு 80 சதவீத எடையும் கிடைக்கின்றன. இதை விரித்துப் பார்த்தால் இன்றைக்கு 20, நேற்றைக்கு 16, முந்தாநாளுக்கு 12.8 என்று எடை தேய்ந்துகொண்டே போகும். ஆனால் எங்கும் முற்றிலும் அற்றுப்போகாது. அந்த நீண்ட வாலையும் சேர்த்து எடைவாரியாக வயதைக் கணக்கிட்டால் அதுவும் சரியாக 4 நாள்தான். ஆகவே, விலை நாளுக்கு ஒரு புள்ளி வீதம் நெடுநாள் ஏறிக்கொண்டே இருந்தால், இரண்டு கோடுகளும் விலைக்கு நான்கு புள்ளி கீழே, ஒன்றன்மேல் ஒன்றாகவே ஓடும். சீரான போக்கில் வேகமானது, மெதுவானது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: சீரான போக்கு எங்கே வருகிறது? விலை ஒரே நாளில் 100இலிருந்து 110க்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டால்?

பதில்: நீங்கள் கேட்கும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. தாவிய அன்றே இஎம்ஏ 102ஐத் தொடும், எஸ்எம்ஏ 101.1இல் நிற்கும். மூன்றாம் நாள் இஎம்ஏ 104.9, எஸ்எம்ஏ 103.3. இதுவரை கேள்விப்பட்டபடியேதான் நடக்கிறது. ஏழாம் நாளில் இஎம்ஏ 107.9, எஸ்எம்ஏ 107.8 என்று இரண்டும் ஏறக்குறையச் சந்திக்கின்றன, எட்டாம் நாளில் எஸ்எம்ஏ முந்திவிடுகிறது. ஒன்பதாம் நாள் எஸ்எம்ஏ 110ஐ எட்டிக் கணக்கை முடித்துக்கொள்ள, இஎம்ஏ இன்னும் 108.7இலேயே இருக்கிறது. தாவலின் தொடக்கத்தைச் சீக்கிரம் காட்டுவது இஎம்ஏ. புதிய நிலைக்கு முழுமையாக வந்து சேர்வதில் முந்துவது எஸ்எம்ஏ.

கேள்வி: என் வரைபடத்தில் நேற்று விலை அசையவே இல்லை, ஆனால் எஸ்எம்ஏ பட்டென்று இறங்கியது. மென்பொருளில் பிழை இருக்குமா?

பதில்: பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒன்பது நாளுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் மட்டும் விலை எகிறியிருந்ததா என்று பாருங்கள். அன்று 9 புள்ளி எகிறியிருந்தால் எஸ்எம்ஏ அன்றே 1 புள்ளி ஏறியிருக்கும். மறுநாள் விலை பழைய நிலைக்குத் திரும்பியிருந்தாலும், அந்த ஏற்றம் அப்படியே இருந்து, அந்த நாள் கணக்கிலிருந்து வெளியேறும்போது ஒரே அடியாக இறங்கும். உள்ளே வரும் விலைக்கு எதிர்வினை காட்டுவது போலவே வெளியேறும் விலைக்கும் அது எதிர்வினை காட்டுகிறது. நானும் ஒருமுறை இப்படியொரு இறக்கத்துக்கான செய்தியைத் தேடி அரை நாளை வீணடித்திருக்கிறேன். இஎம்ஏவிலோ அதே எகிறல் முதல் நாளில் 1.8 புள்ளியாகப் பெரிதாகவே தெரியும், பிறகு 1.44, 1.15 என்று சத்தமில்லாமல் கரையும்.

கேள்வி: சராசரி வயது மட்டுமல்ல, நாளுக்கு நாள் தொடர்பில்லாத இரைச்சலின் மாறுபாட்டையும் இரண்டும் Nஇல் ஒரு பங்காகத்தான் குறைக்கின்றன. தாமதமும் சமம், மென்மையும் சமம் என்றால், போக்கு திரும்பும் இடத்தில் மட்டும் இஎம்ஏ எப்படி மேலாகும்?

பதில்: கணக்கு சரி. திரும்பும் இடத்திலும் இஎம்ஏவுக்குக் கிடைக்கும் முன்னிலை நாம் நினைப்பதைவிடச் சிறியது. விலை நாளுக்கு ஒரு புள்ளி ஏறி 100ஐத் தொட்டு, மறுநாளிலிருந்து அதே வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உச்ச நாளில் இரண்டு சராசரிகளும் 96. இஎம்ஏ மூன்றாம் நாள் வரை ஏறி 96.90ஐத் தொட்டு, நான்காம் நாள் திரும்புகிறது. எஸ்எம்ஏ ஐந்தாம் நாள் திரும்புகிறது. வித்தியாசம் ஒரே நாள்.

ஆனால் உங்கள் விதி, கோட்டின் திசையைப் பார்க்காமல், விலை கோட்டுக்குக் கீழே வருவதைப் பார்ப்பதாக இருந்தால் முடிவு தலைகீழாகிறது. மூன்றாம் நாள் விலை 97, எஸ்எம்ஏ 97.67, விலை கீழே வந்துவிட்டது. அதே நாளில் இஎம்ஏ 96.90, விலை இன்னும் மேலேதான் இருக்கிறது, மறுநாள்தான் வெட்டுகிறது. காரணம் எளிது. இஎம்ஏவில் விலை கோட்டை வெட்டுவதும் கோடு திரும்புவதும் எப்போதும் ஒரே நிகழ்வு, ஏனெனில் விலை கீழே வந்தால்தான் அது இறங்கும். எஸ்எம்ஏவின் திசையோ இன்றைய விலையை ஒன்பது நாளுக்கு முந்தைய விலையோடு ஒப்பிடுவதால் முடிவாகிறது. எனவே அங்கே இவை இரண்டு தனி நிகழ்வுகள். எது வேகமானது என்று கேட்பவர் முதலில் தம் விதி என்னவென்று சொல்ல வேண்டும். இரைச்சல் மிகுந்த உண்மையான விலைகளில் இந்த ஒரு நாள் வித்தியாசம் பயன் தருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மாறாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: 9க்குப் பதில் 4 போட்டால் தாமதம் குறையும் அல்லவா? அப்போது நாளைய விலையை முன்கூட்டியே அறியலாமா?

பதில்: தாமதம் ஒன்றரை நாளாகக் குறையும்; இரைச்சலும் அதற்கேற்பக் கூடும். ஆனாலும் அது நடந்து முடிந்த விலைகளின் சராசரிதான், நாளைய விலை அதில் எங்கும் இல்லை.

கேள்வி: நான் விலை பார்ப்பவள் இல்லை. ஒரு சேவை மையத்துக்கு அன்றாடம் வருபவர்களின் எண்ணிக்கையை வரைகிறேன். ஞாயிறுதோறும் எண்ணிக்கை விழும். இஎம்ஏ போட்ட பிறகும் வாராவாரம் அலை தெரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: தவறு ஏதுமில்லை, கருவிதான் பொருந்தவில்லை. அடுத்தடுத்த எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கும், அதுவும் மற்ற நாள்களுக்குச் சமமான எடையோடு. எனவே ஏழு நாள் எஸ்எம்ஏவில் வாரத்தின் வடிவம் முற்றிலும் நீங்கிவிடும். இஎம்ஏவில் நேற்றைய ஞாயிற்றுக்கு எடை அதிகம், ஐந்து நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்குக் குறைவு. ஆகவே அலை குறையுமே தவிர மறையாது.

ஏழு நாள் எஸ்எம்ஏ மூன்று நாள் பின்தங்கும். கடந்த ஆண்டின் போக்கை அறிக்கையில் காட்டுவதற்கென்றால், முன்னும் பின்னும் மூன்று நாள்களை எடுத்து நடுவில் பொருத்திவிடுங்கள். தாமதம் நீங்கிவிடும், கடைசி மூன்று நாள் மட்டும் வெறுமையாக இருக்கும். நாளைக்கு எத்தனை பணியாளர்களை அழைப்பது என்று இன்றே முடிவெடுக்க வேண்டியிருந்தால் அந்தக் கடைசி மூன்று நாள்தான் உங்களுக்குத் தேவை. அப்போதுதான் தாமதம் ஒரு பிரச்சினையாகிறது.

கேள்வி: ஐயா, பாண்டாஸில் நான் கணக்கிடும் இஎம்ஏ, வரைபடத்தில் வருவதோடு ஒத்துப்போகவில்லை. `com=9` கொடுத்திருக்கிறேன்.

பதில்: `com=9` என்றால் இன்றைய விலைக்கு 10 சதவீத எடைதான், சராசரி வயது 4 அல்ல, 9 நாளாகிவிடும். இப்படி எழுதுங்கள்:

```
df["close"].ewm(span=9, adjust=False).mean()
```

அதன் பிறகும் தொடக்க நாள்களில் சிறு வேறுபாடு இருக்கலாம். இந்த வரி முதல் நாள் விலையிலிருந்து தொடங்குகிறது. சில மென்பொருள்கள் முதல் ஒன்பது நாள் எஸ்எம்ஏவிலிருந்து தொடங்குகின்றன. அந்த வேறுபாடு நாள்தோறும் 0.8 மடங்காகச் சுருங்கும். முப்பது நாள் கழித்து அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். அப்போதும் பொருந்தவில்லை என்றால், இரண்டு இடத்திலும் ஒரே விலைகள்தான் உள்ளே போகின்றனவா என்று பாருங்கள்.